'ட்ரீட் எப்ப?' எண்டு அனுப்ப முந்தி ஒருக்கா நில்லுங்க: பதவி உயர்வு கிடைச்ச ஆளுக்கு வாழ்த்து எழுதுற விதம்

எங்கட கந்தோருக்குப் புதுசா வந்த ஒரு தம்பி போன மாசம் போனத் தூக்கிட்டு என்ட மேசைக்கு வந்தார். கூட வேலை செய்த அக்கா ஒராளுக்கு நிருவாக உத்தியோகத்தரா பதவி உயர்வு வந்திட்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போட்டிருக்கு, அவக்கு ஒரு மெசேஜ் அடிச்சு வச்சிருக்கன், அனுப்பவா எண்டு கேட்டார். வாசிச்சன். இதுதான் அது, அப்பிடியே போடுறன்:

"அக்காஆஆ சூப்பர் நியூஸ் கேள்விப்பட்டன், கங்ராட்ஸ்ஸ்! ஒருமாதிரி கடைசியா கெடச்சிட்டு என்ன. இனி நீங்க பெரிய ஆள், எங்கள மறந்திராதீங்க. ட்ரீட் எப்ப? மறுகா என்ட ட்ரான்ஸ்பர் விசயத்தையும் கொஞ்சம் பாருங்க, ஹா ஹா."

தம்பிட மனசுல ஒண்டும் பிழையில்ல. அந்த அக்காவில அவருக்கு உண்மையாவே மதிப்பு இரிக்கு, அது எனக்குத் தெரியும். ஆனா இந்த மெசேஜ்ல அந்த மதிப்பு எங்கயும் இல்ல, இருக்கிறது எல்லாம் அவர் தனக்காகக் கேக்கிறதுதான். அண்டைக்கு ரெண்டு பேரும் இருந்து அத எப்பிடி மாத்தி எழுதினம் எண்டத அப்பிடியே சொல்றன், புதுசா வேலைக்கு வந்த ஆக்களுக்கு உதவும்.

முதல்ல, நடந்தது என்னெண்டு சரியாக் கேட்டுத் தெரிஞ்சு கொள்ளுங்க

எழுதத் தொடங்க முந்திச் செய்ய வேண்டியது இதுதான், கனபேர் இதத்தான் விடுற. அரசாங்க வேலையில "புரமோஷன்" எண்டு நாங்க ஒரே சொல்லால சொல்றது உண்மையில மூண்டு வேற வேற விசயம். ஒண்டு, அதே பதவியில இருந்துகொண்டு தரம் மூண்டுல இருந்து ரெண்டுக்குப் போறது, அது தர உயர்வு, இருக்கிற கதிரை மாறாது. ரெண்டாவது, முகாமைத்துவ சேவையில சுப்ரா எண்ட ஆக மேல் தரத்துக்குப் போய் நிருவாக உத்தியோகத்தரா வாற மாதிரி பதவியே மாறுறது. மூண்டாவது, பதில் கடமை. ஒராள் லீவுல போய், இல்ல பென்ஷன்ல போய், அந்த இடத்தப் பாக்கச் சொல்லி இன்னொராளுக்குக் கடிதம் குடுக்கிறது, கதிரை அவட சொந்தமில்ல, எப்பவும் திரும்பக் குடுக்க வேண்டி வரலாம்.

பதில் கடமையில இருக்கிற ஒராளுக்கு "பதவி உயர்வு பெற்றதற்கு வாழ்த்துகள்" எண்டு எழுதினா அவருக்கு அது புண்ணுல கை வைக்கிற மாதிரித்தான், ஏனெண்டா நிரந்தரமாக் குடுக்கேல்ல எண்டு அவர் ஏற்கனவே மனசுக்குள்ள வச்சிட்டு இருப்பார். அவருக்கு எழுதுறதெண்டா "இந்தக் கடமைகளைப் பொறுப்பேற்றதற்கு வாழ்த்துகள்" எண்டு எழுதுங்க, அது உண்மை, ஒராளுக்கும் நோகாது. தர உயர்வு எண்டா தர உயர்வு எண்டே எழுதுங்க, அதுக்கும் தடைப் பரீட்சை எழுதி, வருசக்கணக்கா சேவை செய்து வந்த ஆள்தான் அவர், அத ஊதிப் பெருசாக்கத் தேவையில்ல.

கடிதம் கைக்கு வந்திட்டா எண்டும் பாருங்க. "பேர் வந்திட்டாம்" எண்டு கன்ரீன்ல கதை அடிபடும், பட்டியல் மாறும், திருத்தம் வரும். கடிதம் வந்து, அவவே நாலு பேருக்குச் சொன்ன பிறகு எழுதுறதுதான் சரி. அதுக்குப் பிறகு ரெண்டு நாளுக்குள்ள எழுதிரணும், கிழமைக்கணக்கா விட்டா வேற ஆரோ ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிரும்.

தம்பி கேட்டுப் பாத்தார். அக்காவுக்கு வந்தது நிரந்தர நியமனம், பதவி நிருவாக உத்தியோகத்தர், அடுத்த மாசம் முதலாந் திகதி கடமையேற்கணும். இனி எழுதலாம்.

பிறகு, மெசேஜ்ல இருக்கிறத ஒவ்வொண்டா எடுத்துப் பாருங்க

நான் தம்பிட மெசேஜ ஒரு தாளில எழுதி, ஒவ்வொரு வசனத்துக்கும் "இது ஆருக்கு?" எண்டு கேட்டன். அவக்காகச் சொல்றதா, எனக்காகச் சொல்றதா?

"ட்ரீட் எப்ப" எனக்கு. "இனி நீங்க பெரிய ஆள், எங்கள மறந்திராதீங்க" அதுவும் எனக்குத்தான், அதோட அதுக்குள்ள ஒரு குத்தலும் இரிக்கு, பதவி வந்தா மறக்கிற ஆள் எண்டு முன்கூட்டியே சொல்ற மாதிரி. "ட்ரான்ஸ்பர் விசயத்தப் பாருங்க" பகிடியா எழுதினாலும், வாசிக்கிற ஆளுக்கு அது ஒரு விண்ணப்பம்தான், இனி அந்த வாழ்த்து முழுசும் அந்த ஒரு வசனத்துக்காக எழுதின மாதிரி ஆயிரும். மூண்டையும் வெட்டியாச்சு. ட்ரான்ஸ்பர் கேக்கணுமெண்டா வேற நாளைக்கு, முறையாக் கடிதம் எழுதிக் கேக்கலாம்.

"கடைசியா கெடச்சிட்டு" எண்டதுல நான் கொஞ்சம் கூட நேரம் நிண்டன், ஏனெண்டா இதுல நான் ஒரு முறை பட்டிருக்கன். கனவருசத்துக்கு முந்தி நான் வேலை செய்த இன்னொரு கந்தோர்ல, ஒரு அண்ணருக்குப் பதவி உயர்வு வந்த அண்டு எல்லாரும் இருந்த இடத்தில "அப்பாடா, கடைசியா உங்களுக்கும் கெடச்சிட்டு" எண்டு சத்தமாச் சொல்லிட்டன். அவர் சிரிச்சார். ஆனா அவரோட ஒரே நேரம் நேர்முகத்துக்குப் போய்க் கிடைக்காத ஒரு மிஸ் பக்கத்து மேசையில இருந்தவ, அவ எழும்பி வெளிய போயிட்டா. அந்த அண்ணரும் பிறகு தனியக் கூப்பிட்டு, "இவ்வளவு நாளும் எனக்குத் தகுதி இல்லாமத்தான் கிடைக்கேல்ல எண்டா நினைச்சனீங்க" எண்டு கேட்டார். "கடைசியா", "ஒருமாதிரி", "லக் அடிச்சிட்டு", இந்தச் சொல்லெல்லாம் கதைக்கேக்க சாதாரணமா வரும், எழுத்துல வந்தா ஆள் பிந்தி வந்தவர், இல்ல அதிர்ஷ்டத்தில வந்தவர் எண்டு நிக்கும். அதையும் வெட்டினம்.

மிச்சம் இருந்தது "சூப்பர் நியூஸ் கேள்விப்பட்டன், கங்ராட்ஸ்" மட்டும். இவ்வளவு வெட்டினாப் பிறகு மிஞ்சிறது அரை வசனம் எண்டா, எழுத வேண்டியது இன்னும் எழுதப்படேல்ல எண்டுதான் கருத்து.

இங்கதான் கனபேர் வழுக்கி விழுற

தம்பிக்கு "முறையா எழுதணும்" எண்டு சொன்ன உடன அவர் அரை மணித்தியாலத்தில இன்னொண்டு எழுதிட்டு வந்தார்:

"மதிப்பிற்கும் மரியாதைக்குமுரிய அம்மணி அவர்களே, தங்களின் அயராத உழைப்பிற்கும் ஒப்பற்ற சேவைக்கும் மகுடம் சூட்டினாற்போல் கிடைக்கப்பெற்ற இப்பதவியுயர்வானது எமக்கெல்லாம் பேருவகை அளிப்பதுடன், தாங்கள் மென்மேலும் பல உயர் பதவிகளை அலங்கரிக்க எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கின்றோம்."

இது சந்தியில கட்டுற பேனர்ட மொழி. பேனருக்கு அது சரி, ஏனெண்டா பஸ்ஸுக்குள்ள இருந்து பாக்கிற ஆளுக்கு ஒரு முழக்கம் வேணும். ஆனா தனிப்பட்ட ஒராளுக்கு எழுதுறதில இது வேலை செய்யாது. நான் தம்பிட்டக் கேட்டன், இதில அந்த அக்காட பேரத் தூக்கிட்டு வேற ஒரு சேர்ட பேரப் போட்டா ஏதும் பிழைக்குமா? பிழைக்காது. அப்ப இது அந்த அக்காவுக்கு எழுதினதில்ல. ட்ரீட் மெசேஜ்லயாவது தம்பி இருந்தார், இதில ஒராளும் இல்ல. மூணு வருசமா நேர முகத்தப் பாத்து "அக்கா" எண்டு கூப்பிட்ட ஆள திடீரெண்டு "அம்மணி அவர்களே" எண்டா அவ ஒருக்கா பயந்திருவா, என்ன பிழை விட்டன் இவனுக்கு எண்டு.

மாத்தி எழுதுறது எண்டா சின்னச் சொல்லுக்குப் பதிலா பெரிய சொல்லுப் போடுறதில்ல. சத்தத்த எடுத்திட்டு அந்த இடத்தில நீங்க கண்ணால கண்ட ஒரு விசயத்த வைக்கிறது. தம்பி விட்ட இடமும் அதுதான்.

கண்டது ஒண்டு வேணும்

"அந்த அக்காவப் பத்தி நீ நேர்ல கண்ட ஒண்டச் சொல்லு, நல்லவ வல்லவ எண்டு சொல்லாத" எண்டன். தம்பி கொஞ்சம் யோசிச்சிட்டு ரெண்டு விசயம் சொன்னார்.

ஒண்டு, அவர் வந்த முதல் மாசம் ஃபைல்ல மினிட் எழுதத் தெரியாது, ஒரு ஃபைல ரெண்டு நாளாத் திறந்து வச்சிட்டு இருந்திருக்கார், கேக்கவும் வெக்கம். அக்கா போற வழியில கண்டுட்டு, தன்ட வேலைய அப்பிடியே வச்சிட்டு கதிரைய இழுத்துப் போட்டு இருந்து, முதல் என்ன நடந்ததெண்டு எழுதணும், பிறகு சுற்றுநிருபம் என்ன சொல்லுது, கடைசியா என்ன செய்யலாமெண்டு உங்கட சிபாரிசு, பிறகு கையெழுத்து, திகதி எண்டு காட்டிக் குடுத்திருக்கா.

ரெண்டாவது, வயசு போன ஒரு அம்மா மாதாந்த உதவிப்பணத்துக்கு, அதான் சனம் பிச்சைச் சம்பளம் எண்டு சொல்றது, அந்தப் படிவத்தோட வந்திருக்கா. ஜீ.எஸ்ட கையெழுத்து ஒரு இடத்தில இல்ல. கவுண்டர்ல இருந்த ஆள் போய் வாங்கிட்டு வாங்க எண்டு சொல்லிட்டார். அந்த அம்மா வாசல்ல நிண்டு முடிச்ச அவிழ்த்து காச எண்ணிப் பாத்திருக்கா, திரும்ப ஒருக்கா பஸ்ஸுக்குக் காணுமா எண்டு. அக்கா அதக் கண்டு, ஆளக் கூப்பிட்டு இருத்தி, ஜீ.எஸ்ஸுக்குக் கோல் எடுத்து, அண்டைக்கு அவர் கூட்டத்துக்கு கந்தோருக்கு வாற நாள் எண்டு தெரிஞ்சு, பகல் வரைக்கும் இருக்க வச்சு, பிளேன்ரீ ஒண்டும் வாங்கிக் குடுத்து, அவர் வந்த உடன கையெழுத்த வாங்கி முடிச்சு அனுப்பியிருக்கா.

தம்பி இதச் சொல்லேக்க அவர்ட முகமே மாறிட்டு. நான் சொன்னன், இதுதான் உன்ட வாழ்த்து, இத எழுது.

ஆனா எழுதேக்க ஒரு கவனம். அந்த அம்மா ஆர், எந்த ஊர், எந்த உதவிக்கு வந்தவ எண்டு எழுதக் கூடாது, அது அவட சொந்த விசயம், வாழ்த்து பல கைக்குப் போகும், அக்கா அத வீட்டுல காட்டுவா, ஸ்டேட்டஸ்ல போட்டாலும் போடுவா. "கவுண்டர்ல இருந்தவர் விரட்டிட்டார், நீங்கதான் பாத்தீங்க" எண்டும் எழுதக் கூடாது, ஒராளத் தூக்க இன்னொராள மிதிக்கிற மாதிரி ஆயிரும். நடந்ததில அக்கா செய்த பங்க மட்டும் எடுக்கணும்.

உங்களுக்கு அவவோட அவ்வளவு பழக்கம் இல்ல, கண்ட விசயம் ஒண்டும் இல்லயெண்டா, இல்லாததக் கற்பனை பண்ணி எழுத வேணாம். ரெண்டு வசனம், செய்தி அறிந்தேன், வாழ்த்துகள், புதிய கடமை நல்லாப் போகட்டும், அவ்வளவுதான். சின்னதா இருந்தா ஒண்டும் குறைவில்ல.

மாத்தி எழுதினது

நாலஞ்சு தரம் வெட்டி ஒட்டி, கடைசியா இப்பிடி வந்திச்சு:

"அன்பின் அக்காவுக்கு,

நிருவாக உத்தியோகத்தராக நீங்கள் நியமனம் பெற்ற செய்தியை இன்று அறிந்தேன். மனமார்ந்த வாழ்த்துகள்.

நான் வேலைக்கு வந்த முதல் மாதம் கோவையில் குறிப்பு எழுதத் தெரியாமல் இருந்தபோது, உங்கள் வேலையை வைத்துவிட்டு என் அருகில் இருந்து சொல்லித் தந்தீர்கள். இன்றும் அந்த ஒழுங்கில்தான் எழுதுகிறேன். ஒரு கையொப்பம் குறைந்ததால் திரும்பிப் போக இருந்த வயதான ஒருவரை இருக்கச் சொல்லி, அன்றைக்கே அவருடைய வேலையை முடித்துக் கொடுத்ததையும் பார்த்தேன். அலுவலகத்துக்கு வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதை அன்று உங்களிடம்தான் படித்தேன்.

புதிய இடத்திலும் உங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறேன்.

அன்புடன்,"

கீழ தன்ட பேர், பதவி, பிரிவு. "அன்பின்" க்குப் பிறகு அக்காட பேரையும் சேர்த்தார்.

கவனிச்சுப் பாருங்க, இதில "சிறந்த", "ஒப்பற்ற", "அயராத" ஒண்டும் இல்ல. "நீங்கள்" எண்டுதான் இரிக்கு, "தாங்கள்" இல்ல. "அறிந்து மட்டற்ற மகிழ்ச்சியடைந்தேன்" எண்டு தம்பி முதல் எழுதினார், நான் "அறிந்தேன்" ஓட நிப்பாட்டச் சொன்னன், அடுத்த பந்திய வாசிச்சா மகிழ்ச்சி தானா விளங்கும். "இன்றும் அந்த ஒழுங்கில்தான் எழுதுகிறேன்" எண்ட சின்ன வசனம் தம்பியே போட்டது, எனக்கு இந்த முழுக் கடிதத்திலயும் ஆகப் பிடிச்சது அதுதான், ஏனெண்டா அவ செய்தது வீணாப் போகேல்ல எண்டு அது காட்டுது.

"புதிய இடம் உங்களுக்கு மகிழ்ச்சியைத் தரட்டும்" எண்ட ஒரு வசனத்தையும் தூக்கினம். வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போட்டிருக்கு, அவட சின்னப் பிள்ளை இங்கால எழுவான்கரையில பள்ளிக்கூடம் போகுது, காலமை ஆறு மணிக்கே வெளிக்கிடணும். பதவி உயர்வோட தூர இடத்துக்கு மாற்றம் வாறது எங்கட பக்கம் வழமை, அந்த நேரம் வீட்டுல சந்தோசமும் கவலையும் சேந்துதான் கிடக்கும். அதத் தெரிஞ்சவர் அந்த இடத்தப் பத்தி ஒண்டும் சொல்லாம விடுறது நல்லம். நெருங்கின ஆளெண்டா நேர்ல போய் "போக்குவரத்து எப்பிடி அக்கா, பிள்ளைய ஆர் பாக்கிற" எண்டு கேளுங்க.

ஆளுக்கும் இடத்துக்கும் ஏத்த மாதிரி

பதவி உயர்ந்தவர் இனி உங்களுக்கே மேலதிகாரி எண்டா, கண்டத எழுதுறத ஒரு வசனத்தோட நிப்பாட்டுங்க, கூடினா முகஸ்துதி எண்டு படும். "உங்களுக்குக் கீழ் வேலை செய்யக் கிடைத்தது என் பாக்கியம்" எண்ட மாதிரி ஒண்டும் வேணாம், "தொடர்ந்தும் உங்களோடு வேலை செய்வதை எதிர்பார்க்கிறேன்" எண்டா காணும். அதே பதவிக்கு நீங்களும் போட்டி போட்டு உங்களுக்குக் கிடைக்கேல்லயெண்டா, அதப் பத்தி ஒரு சொல்லும் எழுதாதீங்க, நல்ல மனசோட எழுதினாலும் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்திரும்.

அம்பாறை மாவட்டத்தில கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் தமிழ் ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் ஒரே கந்தோர்ல வேலை. நேர்ல நானா எண்டு கூப்பிடுற ஆளெண்டா எழுத்துலயும் நானா எண்டே எழுதலாம், தெரியாட்டி சேர், மிஸ் போதும். ஒரு தெய்வத்திட பேரச் சொல்லி வாழ்த்துறத விட "இறைவன் அருள் கிடைக்கட்டும்" எண்டா எல்லாருக்கும் பொருந்தும்.

கந்தோர் வாட்ஸப் குரூப்புக்கு இந்தக் கடிதத்தப் போடாதீங்க. அங்க ரெண்டு வரி போதும்: "நிருவாக உத்தியோகத்தராக நியமனம் பெற்ற அக்காவுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். புதிய பணி சிறக்கட்டும்." கிடைக்காத ஆக்களும் அந்தக் குரூப்லதான் இருக்கிற. முழுசா எழுதினத அவட தனி நம்பருக்கு அனுப்புங்க, இல்ல தாளில எழுதி கவர்ல போட்டுக் கையில குடுங்க. ஈமெயில்ல எண்டா தலைப்புல "பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்" எண்டு போடுங்க, வெறும் "ஹாய்" எண்டு போட்டா மற்ற மெயிலோட மெயிலாக் கிடக்கும். வாழ்த்துகளா வாழ்த்துக்களா எண்டு சண்டை பிடிக்க நேரமில்ல, நான் க் போடாமத்தான் எழுதுற, எது எழுதினாலும் ஒரே கடிதத்தில ரெண்டையும் கலக்காதீங்க.

இன்னொண்டு, கந்தோர் கம்ப்யூட்டர்ல பாமினியில ரைப் பண்ணினத அப்பிடியே கொப்பி பண்ணி மெயில்லயோ வாட்ஸப்லயோ போட்டா, மற்ற ஆளுக்கு அது இங்கிலீஷ் எழுத்துக் குவியலாத்தான் வரும். யுனிகோட்ல ரைப் பண்ணுங்க. அனுப்ப முந்தி உங்கட நம்பருக்கே ஒருக்கா அனுப்பி, போன்ல திறந்து, வாய்விட்டு வாசிச்சுப் பாருங்க, பேரும் பதவியும் எழுத்துப்பிழை இல்லாம இரிக்கா எண்டு. பேர்ல ஒரு எழுத்துப் பிழைச்சாலும் மற்றதெல்லாம் எடுபடாது.

தம்பி அண்டு பின்னேரம் நாலு மணிக்கு அனுப்பினார். அக்கா ராவு ஒம்பது மணி போலதான் பதில் போட்டா, "நன்றி தம்பி. அந்த மினிட் இப்பவும் அப்பிடித்தான் எழுதுறியா?" எண்டு. தம்பி அதுக்கு நீட்டி ஒண்டும் எழுதேல்ல, "ஓம் அக்கா" எண்டு மட்டும் போட்டார். ட்ரீட்ட அடுத்த நாள் கன்ரீன்ல நேர முகத்தப் பாத்துக் கேட்டார், அக்கா சிரிச்சிட்டு எல்லாருக்கும் வடையும் ரீயும் சொன்னா.